பரு போன பின் தங்கும் பழுப்புக் கறை: முதல் சீரம் எது?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அக்கா மகளுக்கு 24 வயது. பருக்கள் அடங்கி இரண்டு மாதம் ஆகியும், அவை இருந்த தாடை ஓரத்தில் ஐந்து பழுப்புக் கறைகள் தங்கிவிட்டன. வைட்டமின் சி, நியாசினமைட், ஆல்பா ஆர்புட்டின் என்று மூன்று புட்டிகளின் படத்தை அனுப்பி, “சித்தி, இதுல ஒண்ணுதான் வாங்கப் போறேன், எது?” என்று கேட்டாள். இதுவரை முகத்தில் சோப்பைத் தவிர எதையும் போட்டறியாதவள் என்பதால், எது வலிமையானது என்பதைவிட எது அவளுடைய தோலைப் புண்படுத்தாது என்பதையே நான் முதலில் பார்த்தேன்.

அதற்குக் காரணம் கறை உண்டாகும் விதத்திலேயே இருக்கிறது. மேல்தோலின் அடித்தட்டில் உள்ள நிறமிச் செல்கள், டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து டைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் மெலனினைத் தயாரித்து, சிறு பைகளில் அடைத்து, சுற்றியுள்ள தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. பருவின் அழற்சி இந்தச் செல்களைத் தூண்டிவிடுவதால் அந்த இடத்தில் மட்டும் மெலனின் மிகுதியாகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்தத் தூண்டல் எளிதில் நிகழ்ந்துவிடும். ஆகவே கறையைப் போக்கப் பூசும் மருந்தே தோலை எரியவிட்டால், அந்த எரிச்சலும் ஓர் அழற்சிதான். அது புதுக் கறையை விட்டுச் செல்லக்கூடும்.

ஆல்பா ஆர்புட்டின் டைரோசினைப் போன்ற தோற்றத்தால் நொதியில் டைரோசின் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு தயாரிப்பைத் தாமதப்படுத்துகிறது. வைட்டமின் சி, மெலனினாக மாறும் வழியில் இருக்கும் இடைப்பொருளைப் பின்னோக்கித் திருப்புகிறது. நியாசினமைட் தயாரிப்பில் தலையிடுவதில்லை. நிறப்பைகள் அடுத்த செல்லுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது. சாயப்பட்டறையில் சாயம் காய்ச்சுவதைத் தடுப்பதும், காய்ச்சிய சாயம் வண்டியேறாமல் தடுப்பதும் வேறுவேறு வேலைகள் அல்லவா?

மூன்றில் வைட்டமின் சியின் சிக்கல் வேதியியல் சார்ந்தது. அதன் தூய வடிவமான அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் நன்கு நுழைய, கரைசலின் pH 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த அமிலத்தன்மையே பழக்கமில்லாத முகத்தில் சுருக்கென்று எரியும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது ஆக்சிஜனேற்றமடைந்து வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பாகும். பழுப்பான புட்டியைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. நியாசினமைட்டோ தோலுக்கு இதமான pHஇலேயே நிலைத்து நிற்கிறது, தோலின் ஈரக்காப்புத் தடுப்பையும் வலுப்படுத்துகிறது. முகத்தில் பூசிச் செய்த சோதனைகளில் 4 முதல் 5 சதவீத அளவே பலன் தந்திருக்கிறது. கடைகளில் 10 சதவீதப் புட்டி அதிகமாகக் கண்ணில் படும். சிலருக்கு அது முகத்தைச் சிவக்க வைக்கிறது, புதியவருக்கு அது தேவையும் இல்லை. ஆல்பா ஆர்புட்டின் 2 சதவீதமும் மென்மையானதுதான். ஆனால் பரு இன்னும் அவ்வப்போது தலைகாட்டும் எண்ணெய்ப் பசைத் தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பையும் சற்றுக் குறைக்கும் நியாசினமைட் பொருத்தமாக இருக்கும் என்று 5 சதவீதப் புட்டியைச் சொன்னேன்.

முதலில் காதுக்குக் கீழே தாடையோரம் மூன்று இரவுகள் பூசிப் பார்த்தாள். அரிப்பு இல்லாததால், இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவிலும், பிறகு தினமும், முகம் முழுவதற்கும் இரண்டு மூன்று துளிகள் வீதம் பூசினாள். பூசிய சிறிது நேரத்தில் அடங்கிவிடும் லேசான கூச்சம் பொறுக்கத்தக்கது; எரிச்சல் மறுநாளும் நீடித்தாலோ, தோல் உரிந்தாலோ நிறுத்திவிட வேண்டும்.

பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் இந்த மூன்றில் எதுவும் பயன்தராது. பெங்களூரு கடல்மட்டத்துக்கு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காவிட்டாலும் புற ஊதாக் கதிர் குறைவதில்லை. மெல்லிய மேகமும் அதை முழுதாக மறைக்காது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாததை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்துக்கும் கழுத்துக்கும் தடவச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் கறையை ஆழமாக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை இன்னும் நல்லது.

நிறம் ஏறிய செல்கள் மேலே வந்து உதிர வாரங்கள் ஆகும். எனவே மாதத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னலருகே, அதே நேரத்தில் படம் எடுக்கச் சொன்னேன். கண்ணாடி தினமும் ஒரு கதை சொல்லும். மேல்தோலில் உள்ள கறை பழுப்பாகத் தெரியும், அது மங்கும். சாம்பல் நீலமாகத் தெரிந்தால் நிறம் உள்தோலுக்கு இறங்கியிருக்கலாம், அதற்கு இந்த மூன்று புட்டிகளுமே அதிகம் உதவாது. இரு கன்னங்களிலும் சமமாகப் படரும் மங்கு, வடிவம் மாறும் மச்சம் ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

பன்னிரண்டாவது வாரப் படத்தில் அவளுடைய ஐந்து கறைகளில் மூன்று ஏறக்குறைய மறைந்திருந்தன, ஒன்று மங்கியிருந்தது. ஐந்தாவது அப்படியே இருந்தது. விசாரித்தபோது, வேலை நெருக்கடியில் அந்த இடத்தை மட்டும் நகத்தால் கிள்ளிக்கொண்டே இருப்பதாக ஒப்புக்கொண்டாள்.