தீர்வைச் சொல்லும் முன், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

அலுவலக ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை வழங்குவதும், ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்காமல் இருக்கும் சக ஊழியர்களை உட்காரவைத்துப் பேசவைப்பதும் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை தாங்களாகப் பேசிப் பார்த்தவர்கள். "நிதானமாகத்தான் பேசினேன், பலனில்லை" என்பார்கள். அந்தப் பேச்சு எப்படிப் போனது என்று விசாரித்தால், கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இவர் குறையைச் சொன்னார், அவர் காரணம் சொன்னார், இவர் உடனே ஒரு தீர்வைச் சொன்னார், அவர் அது சரிவராது என்றார். குரல் உயரவில்லை, யாரும் கோபப்படவில்லை. ஆனாலும் இருவரும் பழைய மனக்கசப்போடுதான் எழுந்துபோனார்கள்.

அங்கே விடுபட்டது ஒரே ஒரு படி. குறைக்கும் தீர்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய படி அது. நான் பார்த்த ஒரு பிணக்கை வைத்தே அதை விளக்குகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் ஒரு பெண், கொள்முதல் பிரிவில் ஒருவர். மாதக் கணக்கை முடிக்க, கொள்முதல் பில்கள் 28ஆம் தேதிக்குள் அந்தப் பெண்ணின் மேசைக்கு வர வேண்டும். வந்ததோ 30ஆம் தேதி மாலை. அன்று இரவு வெகுநேரம் உட்கார்ந்து வேலையை முடித்தார். அடுத்த முறையும் அப்படியே நடந்தபோது, "வழக்கம்போல இந்த மாதமும் தாமதம்" என்று ஒரு மின்னஞ்சல் எழுதி, இரு பிரிவு மேலாளர்களுக்கும் நகல் வைத்துவிட்டார். கொள்முதல் பிரிவுக்காரரிடமிருந்து "பெறப்பட்டது" என்று ஒரே ஒரு சொல் பதிலாக வந்தது. அதன்பிறகு அவர் நேரில் பேசுவதையே நிறுத்திவிட்டார். எதிரெதிரே நடந்துபோனால்கூட அலைபேசியைப் பார்த்தபடி கடந்துவிடுவார்.

அந்தப் பெண் என்னிடம் வந்தபோது சொன்ன முதல் வாக்கியம், "அவர் என் வேலையை மதிப்பதே இல்லை" என்பதுதான். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதச் சொன்னேன். அதிலிருந்து அவர் என்ன பொருள் எடுத்துக்கொண்டாரோ அது வலப்பக்கம். "மதிப்பதே இல்லை" வலப்பக்கம் போனது. "எப்போதும் தாமதம்" என்பதை இடப்பக்கம் எழுதினார். தேதிகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றேன். கடைசி மூன்று மாதங்களில் இரண்டு முறை 30ஆம் தேதி வந்திருந்தது, ஒரு முறை 27ஆம் தேதியே வந்திருந்தது. அந்த ஒரு முறை அவர் நினைவில் தங்கவே இல்லை. "எப்போதும்" என்ற சொல்லை அவரே அடித்தார்.

அடுத்தவர் செய்ததற்கு அவருடைய குணத்தைக் காரணமாக்குவதும், அவருடைய சூழலைக் குறைத்து எடைபோடுவதும் மனித மனத்தின் பழைய பழக்கம். 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் இதை அடிப்படைக் கற்பிதப் பிழை என்று பெயரிட்டு எழுதினார். இரண்டு பத்தி போட்ட அந்தத் தாள் இந்தப் பிழையை முழுக்கப் போக்கிவிடாது. ஆனால் பேச உட்காரும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கோடு கிழித்துக் காட்டிவிடும். இடப்பக்கம் உள்ளதைக் கொண்டு பேச்சைத் தொடங்கலாம். வலப்பக்கம் உள்ளதைக் கேள்வியாக மட்டுமே கேட்கலாம்.

பேச அழைப்பதிலும் ஒரு முறை உண்டு. "உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்று மொட்டையாகச் சொன்னால், எதிரில் இருப்பவர் அந்த நிமிடமே தற்காப்புக்குத் தயாராகிவிடுவார். எதைப் பற்றி, எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். "மாதக் கடைசியில் பில்கள் வருவது பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். நாளை மூன்று மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா? இல்லையென்றால் உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்" என்று அந்தப் பெண் கேட்டார். கணக்கு முடிக்கும் நெருக்கடி நாட்களைத் தவிர்த்து, மாதத்தின் இரண்டாம் வாரத்தில், மற்றவர் காதில் விழாத ஓர் அறையில் சந்தித்தார்கள். இப்படிப்பட்ட விஷயங்களைக் குறுஞ்செய்தியில் தீர்க்க முயலாதீர்கள். எழுத்தில் குரல் கேட்காது. படிப்பவர் தன் கோபத்தின் குரலில்தான் அதைப் படிப்பார்.

தொடக்கம் இப்படி இருந்தது: "இந்த மூன்று மாதங்களில் இரண்டு முறை பில்கள் 30ஆம் தேதி மாலை வந்தன. அன்று இரவே எல்லாவற்றையும் பதிய வேண்டியிருந்ததால் எனக்குப் பிழை வந்துவிடுமோ என்ற பதற்றம். உங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வீர்களா?" குற்றச்சாட்டு இல்லை, குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தம்பதியரின் வாக்குவாதங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், முதல் மூன்று நிமிடங்கள் எப்படிப் போகின்றன என்பதே பின்னால் வரப்போவதைப் பெருமளவு காட்டிவிடுகிறது என்று கண்டார். அது கணவன் மனைவியைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் என் அறையில் அமரும் சக ஊழியர்களிடமும் நான் காண்பது அதையேதான்.

இனிதான் அந்த விடுபட்ட படி. கொள்முதல் பிரிவுக்காரர் பதில் சொன்னார்: "நான் வேண்டுமென்றே இழுத்தடிப்பதுபோல எல்லோருக்கும் எழுதிவிட்டீர்கள். சரக்கு வந்து சேர்ந்ததாகக் கிடங்கில் கையெழுத்துப் போடாத பில்லை நான் எப்படி அனுப்புவது?"

இந்த இடத்தில் நாக்கு நுனியில் ஒரு தீர்வு துடிக்கும். "கிடங்குக்காரர்களிடம் சீக்கிரம் வாங்கிவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதற்குப் பதிலாக அவர் சொன்னதை அவரிடமே, உங்கள் சொற்களில், திருப்பிச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950களின் தொடக்கத்தில் இதை ஒரு விதியாகவே முன்வைத்தார். முன்னவர் சொன்ன கருத்தையும் உணர்வையும், அவரே சரி என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தன் கருத்தைச் சொல்லலாம். கேட்க எளிது. கோபத்தில் இருக்கும்போது செய்துபார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

முதல் முயற்சி தவறாகவே போனது. "அதாவது, தவறு கிடங்கின் மீதுதான் என்கிறீர்கள்" என்றார் அந்தப் பெண். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவர் முகம் இறுகியது. திருப்பிச் சொல்வதில் தீர்ப்பு கலந்துவிட்டது. இப்படித் தவறினால் பதறத் தேவையில்லை, "சரி, நான் தவறாகப் புரிந்துகொண்டேன், மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்டாலே போதும். அந்தப் பெண்ணும் அப்படியே கேட்டார். இரண்டாம் முறை அந்தப் பெண் திருப்பிச் சொன்னது: "கையெழுத்து இல்லாத பில்லை அனுப்பினால் அது திரும்பி வந்து உங்கள் தலையில் விழும். அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள். அது தெரியாமல் நான் மேலாளர்களுக்கும் நகல் வைத்தது, எல்லோர் முன்னும் உங்களைக் குறை சொன்னதுபோல ஆகிவிட்டது. சரியாகச் சொல்கிறேனா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "ஆமாம்" என்றார். அதைத் தொடர்ந்து, யாரும் கேட்காமலே, "உண்மையில் பெரும்பாலான பில்கள் 25ஆம் தேதியே தயாராகிவிடும். ஐந்தாறு பில்களுக்குத்தான் கையெழுத்து தாமதமாகும். உங்களுக்கு எல்லாம் ஒரே கட்டாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அந்தப் பெண் அப்படிக் கேட்டதே இல்லை. இரண்டு மாத மனக்கசப்புக்கு அடியில் இருந்தது இந்த ஒரு தவறான அனுமானம்தான். முதல் நிமிடத்திலேயே தீர்வு சொல்லியிருந்தால் இந்தத் தகவல் வெளியே வந்திருக்காது. தற்காப்பில் இருப்பவர் தன் நியாயத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்வார். தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்த பிறகுதான், தனக்குச் சாதகமில்லாத விவரத்தையும் அவிழ்ப்பார். புதிய தகவல் தானாக வரத் தொடங்குவதுதான் இந்தப் படி நிறைவேறியதற்கு நான் நம்பும் அடையாளம். "சரி சரி, விடுங்கள்" என்பது ஒப்புதல் அல்ல, சலிப்பு. அதைக் கேட்டால் இன்னொரு முறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: திருப்பிச் சொல்வது ஏற்றுக்கொள்வது ஆகாது. நீங்கள் உடன்படாத ஒன்றையும் துல்லியமாகத் திருப்பிச் சொல்ல முடியும். ஆனால் முடிவில் ஓர் "ஆனால்" ஒட்டினீர்களென்றால் அதுவரை சொன்னது அத்தனையும் வீணாகும்.

நடுவில் இதயம் படபடத்து, எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாமல் போனால் நிறுத்திவிடுங்கள். "இப்போது என்னால் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை, அரை மணி நேரம் கழித்துத் தொடரலாமா?" என்று திரும்பும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரம் சொல்லாமல் எழுந்துபோனால் கோபித்துக்கொண்டு போனதாகத்தான் தோன்றும். உடல் அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது தேவை. அந்த நேரத்தில் அடுத்த வாதத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால் படபடப்பு அடங்காது.

பிறகு அவரும் அந்தப் பெண்ணின் நிலையைத் திருப்பிச் சொன்னார். நகல் வைத்ததற்கு அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தார். தீர்வுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தயாரான பில்கள் 26ஆம் தேதி வரும், நிலுவையில் உள்ளவற்றின் பட்டியலும் அதோடு வரும், எஞ்சியவை 29ஆம் தேதி மதியத்துக்குள். தாமதமானால் முதலில் தொலைபேசி அழைப்பு, இரண்டு நாளாகியும் பதில் இல்லையென்றால்தான் மேலாளருக்குக் கடிதம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். இதை நான்கு வரியில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து சரிபார்ப்பது என்றும் தேதி குறித்தார்கள். இந்தச் சரிபார்ப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், ஒப்பந்தம் முதல் முறை தவறியதுமே பழைய கணக்கு மறுபடி கிளறப்படும்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மிரட்டல், பாலியல் சீண்டல், பிறப்பையோ உடலையோ சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவை கருத்து வேறுபாடுகள் அல்ல. பாதிக்கப்பட்டவரை அவற்றைச் செய்தவரோடு தனியே உட்காரச் சொல்லவே கூடாது. அங்கே முறையான புகார்தான் வழி. உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர் இருந்தாலும் நடுவர் ஒருவர் இல்லாமல் பேசாதீர்கள். அவர் "ஆமாம்" என்பதும் நீங்கள் "ஆமாம்" என்பதும் அங்கே ஒரே எடை கொண்டவை அல்ல.

சம நிலையில் உள்ள ஒருவர் பேச மறுத்தால் ஒரு வாரம் விட்டு மறுபடி அழையுங்கள். அதற்கும் மறுத்தாலோ, எழுதி வைத்ததைத் தொடர்ந்து மீறினாலோ, மேலாளரிடம் கொண்டுபோகலாம். கொண்டுபோகப் போவதை அவரிடம் முதலில் சொல்லிவிட்டு, அந்தத் தாளின் இடப்பக்கத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.