பெங்களூரு எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும்?

அல்சூர் பக்கம் ஒரு வார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நானே எடுத்துக்கொண்டவை. ஆண்டின் நடுவில், அதாவது ஜூலை 1 அன்று, அங்கே 40,000 பேர். அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் 720, இறந்தவர்கள் 240 பேர்.

பிறப்பு விகிதம் என்றால் ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்று அர்த்தம். 720-ஐ 40,000-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் 18 வரும். இறப்புக்கும் அதே வழிதான், விடை 6. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 12. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 12 பேர் கூடுகிறார்கள். இதுதான் இயற்கை அதிகரிப்பு.

இப்போது மக்கள்தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும்? ஆண்டுக்கு 480 பேர் கூடுகிறார்கள், 40,000-ஐ 480-ஆல் வகுத்தால் 83 ஆண்டு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது தவறு. இந்த ஆண்டு கூடிய 480 பேரும் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், அப்போது கூடுவது 480 அல்ல, கிட்டத்தட்ட 486. வங்கியில் வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான். அதனால் இரட்டிப்பு முன்னதாகவே வந்துவிடும். அதற்கான எளிய சூத்திரம்:

```
இரட்டிப்புக் காலம் = 70 ÷ வளர்ச்சி சதவீதம்
```

2-இன் இயல் மடக்கை 0.693, அதை நூறால் பெருக்கி, வகுக்க வசதியாக 70 என்று வைத்திருக்கிறார்கள்.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இங்கேதான். 12 என்பது ஆயிரத்துக்கு. சூத்திரம் கேட்பது நூற்றுக்கு. 70-ஐ அப்படியே 12-ஆல் வகுத்தால் ஆறு ஆண்டுக்கும் குறைவாக வரும். ஆறே ஆண்டில் ஒரு வார்டு பிறப்பால் மட்டும் இரண்டு மடங்காகாது என்பதை வைத்தே பிழையைப் பிடித்துவிடலாம். 12-ஐப் பத்தால் வகுத்தால் 1.2 சதவீதம், 70 ÷ 1.2 = 58 ஆண்டு.

இனி உண்மையான எண்கள். 2011-இல் கர்நாடகத்தின் பிறப்பு விகிதம் 18.8, இறப்பு விகிதம் 7.1. வித்தியாசம் 11.7, அதாவது 1.17 சதவீதம். இரட்டிப்புக் காலம் ஏறக்குறைய 60 ஆண்டு. ஆனால் பெங்களூரு நகர மாவட்டத்தில் 2001-இல் சுமார் 65.4 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2011-இல் 96.2 லட்சம் ஆனது. ஆண்டுக்கு 3.9 சதவீத வளர்ச்சி. அந்த வேகத்தில் இரட்டிப்பாக 18 ஆண்டு போதும்.

60 எங்கே, 18 எங்கே? சூத்திரத்தில் குறையில்லை. இயற்கை அதிகரிப்பு பிறப்பையும் இறப்பையும் மட்டுமே பார்க்கிறது. தர்மபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வேலை தேடி இங்கே வந்து தங்கியவர்கள் அதில் வருவதில்லை. மாவட்ட எல்லைக்குள் பிறந்தவர்கள், இறந்தவர்களோடு, உள்ளே வந்தவர்கள், வெளியே போனவர்கள் என்ற கணக்கையும் சேர்த்தால்தான் நகரத்தின் வளர்ச்சி விளங்கும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். வயதானவர்கள் ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். அதனால் நகரத்தில் ஆயிரம் பேருக்கு இறப்பு குறைவாகத் தெரியும், ஊரில் அது கூடுதலாகத் தெரியும். இரண்டு இடத்திலும் மருத்துவ வசதி ஒன்றாகவே இருந்தாலும்கூட இந்த வித்தியாசம் வரும்.