பேச்சுவார்த்தை: எல்லாச் சந்திப்புக்கும் ஒரே சொல்லா?

இரண்டு நாட்டு அமைச்சர்கள் ஓர் அறையில் உட்கார்ந்தால் போதும், தமிழ்ச் செய்தியில் 'பேச்சுவார்த்தை நடத்தினர்' என்று வந்துவிடுகிறது. நலம் விசாரித்துப் பிரிந்தாலும் அதே சொல், இரண்டு வருடம் மல்லுக்கட்டி எல்லைக்கோடு வரைந்தாலும் அதே சொல். மூல ஆங்கிலச் செய்தியில் டிஸ்கஸ், நெகோஷியேட், கன்ஃபர், பார்லி என்று நான்கு வெவ்வேறு வினைகள் இருந்திருக்கும். நான்கும் நான்கு வேலை. தமிழில் படிப்பவருக்கு அங்கே என்ன நடந்தது என்பதே தெரியாமல் போகிறது.

வேர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிஸ்கஸ், லத்தீனில் உதறிப் பிரிப்பது என்ற பொருளில் தொடங்கியது; ஒரு விஷயத்தைப் பிரித்து அலசுவது. கன்ஃபர் என்றால் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்ப்பது. நெகோஷியேட், 'ஓய்வின்மை' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஓய்வில்லாதது அலுவல், அப்புறம் வணிகம். பார்லி, பேசுவது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, எதிரியோடு பேசுவது என்று குறுகிவிட்டது. நம் 'பேச்சுவார்த்தை'யில் பேச்சு தமிழ், வார்த்தை வடமொழி 'வார்த்தா'. அதற்குச் செய்தி என்று பொருள்.

இந்த நான்கும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்க, கொரியப் போர்நிறுத்தத்தை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பார்லி, நெகோஷியேட், கன்ஃபர் மூன்றும் அந்த ஒரே நிகழ்வில் உண்டு.

அந்தப் போரில் ஒரு பக்கம் அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. தரப்பு, மறுபக்கம் வட கொரியாவும் சீனாவும். 1951 ஜூலை 8 அன்று இரு தரப்புத் தொடர்பு அதிகாரிகள் கேசாங் என்ற கொரிய ஊரில் சந்தித்தார்கள். முதன்மைக் குழுக்கள் எப்போது வரும், எந்த வழியாக வரும், யார் பாதுகாப்புத் தருவது என்பதுதான் அன்றைய வேலை. இது பார்லி. போர் இன்னும் நின்றபாடில்லை. பாதுகாப்பு உறுதியோடு எதிரியின் முன் போய்ப் பேசிவிட்டுத் திரும்புவது. 1907 ஹேக் விதிகளில் இதற்கென்றே இடம் உண்டு. வெள்ளைக்கொடியோடு வரும் தூதரையும், அவருடன் வரும் கொம்பூதி, கொடி பிடிப்பவர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரையும் தாக்கக் கூடாது. ஆனால் எதிர்த்தரப்புத் தளபதி அவரை வரவேற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதைத் தமிழில் 'சமரசப் பேச்சு' என்று எழுதுவது தவறு. சமரசம் நோக்கமாக இருக்கத் தேவையில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல இரண்டு மணி நேரம் கேட்பதும் பார்லிதான். கேசாங்குக்கு ஐ.நா. தரப்பு வண்டிகள் வெள்ளைக்கொடி கட்டி வந்தபோது, எதிர்த்தரப்பு அதைப் படமெடுத்து, சரணடைய வந்தவர்களைப் போலக் காட்டியது. வெள்ளைக்கொடி பேச வருவதற்கும் அடையாளம், பணிவதற்கும் அடையாளம் என்பதால் வந்த வினை. பார்லியை 'களத்தூது' என்று நான் எழுதுகிறேன். குறளில் தூதுக்குத் தனி அதிகாரமே இருக்கும்போது நாம் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

ஜூலை 10 அன்று ஐ.நா. தரப்பின் அட்மிரல் டர்னர் ஜாயும் வட கொரியாவின் நாம் இல்லும் மேசைக்கு இரு புறம் அமர்ந்தார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்ற பட்டியலை முடிவுசெய்யவே ஜூலை 26 ஆகிவிட்டது. அப்புறம் நெகோஷியேஷன். எல்லைக்கோடு எங்கே என்பதில் போருக்கு முன் எல்லையாக இருந்த 38ஆவது அட்சரேகை வேண்டும் என்றது ஒரு தரப்பு, படைகள் நிற்கும் இடம்தான் வேண்டும் என்றது மறு தரப்பு. ஆகஸ்டில் ஒருநாள் இரு குழுவும் ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதுவும் நெகோஷியேஷனின் ஒரு பகுதிதான். இரு தரப்புக்கும் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, அதை மாற்றினால் இழப்பு இருக்கிறது, கடைசியில் எழுத்தில் ஓர் உடன்பாடு வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மட்டுமே பேச்சுவார்த்தை என்று எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இடையிடையே ஜாய் குழு முன்சான் முகாமுக்குத் திரும்பித் தங்களுக்குள் பேசியது, டோக்கியோவில் இருந்த ஐ.நா. படைத்தளபதி ஜெனரல் ரிட்ஜ்வேயிடம் கேட்டது. அது கன்ஃபர். எதிரியோடு அல்ல, தன் பக்கத்தாரோடு. 'கலந்தாலோசித்தனர்' என்பது அப்படியே பொருந்தும். இதற்கு நம்மிடம் அருமையான பழஞ்சொல் ஒன்று இருந்தது: சூழ்ச்சி. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று வள்ளுவர் சொல்லும்போது அது ஆலோசனை. இன்று அதை எழுதினால் சதி என்றுதான் படிப்பார்கள். போனது போனதுதான்.

சரி, இப்போது எனக்கு ஆற்றாமை தரும் இடத்துக்கு வருகிறேன். பேச்சுவார்த்தையில் வடமொழி இருக்கிறது, பொருளும் மங்கிவிட்டது என்று சொல்லி, நெகோஷியேட் என்பதை 'பேரம் பேசுதல்' என்று எழுதும் பழக்கம் பரவுகிறது. லத்தீன் வேரிலேயே வணிகம் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். வேர் என்றைக்கோ எங்கோ தொடங்கியது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்கும் யாரும் கடைத்தெருவை நினைப்பதில்லை. தமிழில் பேரம் என்றதும் கடைத்தெரு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. பேரத்தில் ஒரே அளவுகோல், விலை. நூறு, எண்பது, தொண்ணூறு, முடிந்தது. அரசியலிலோ அந்தச் சொல்லுக்கு நாற்றமே சேர்ந்துவிட்டது. குதிரை பேரம் என்ற தொடர் போதும். 'கூட்டுப் பேரம்' என்று தொழிற்சங்கத்தார் சொல்வதில் குற்றமில்லை, அங்கே பேசுவது பெரும்பாலும் கூலி.

கொரியாவில் கடைசி வரை இழுத்தது போர்க்கைதிகள் விவகாரம். தாயகம் திரும்ப விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது என்றது ஐ.நா. தரப்பு, எல்லாரையும் அனுப்பு என்றது எதிர்த்தரப்பு. 1952 ஏப்ரலில் ஐ.நா. தரப்பு முதலில் சுமார் 1,16,000 பேர் திரும்பக்கூடும் என்று மதிப்பிட்டது. கைதிகளை விசாரித்தபின் 70,000 பேர்தான் என்றது. அங்கேயே முட்டி நின்று, அக்டோபரில் காலவரையின்றி ஒத்திவைத்து, 1953 ஜூன் 8 அன்றுதான் உடன்பட்டார்கள். இதை 'கைதிகளுக்காகப் பேரம் பேசினர்' என்று எழுதினால் என்ன ஆகும்? ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைத்ததாகத் தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். அங்கே மோதியவை இரண்டு கொள்கைகள். தூய்மைக்காக வார்த்தையை விரட்டப் போய்ப் பொருளை விரட்டிவிட்டோம். வடமொழி உறுத்துகிறவர் 'உடன்பாட்டுப் பேச்சு' என்று எழுதட்டும். அதில் நோக்கமாவது சொல்லில் தெரிகிறது.

டிஸ்கஸ் எளிது. உடன்பாடு எதிர்பார்க்காமல் ஒரு விஷயத்தை அலசினால் 'பற்றிப் பேசினர்' அல்லது 'விவாதித்தனர்'. தொலைக்காட்சி விவாதங்களால் விவாதம் என்றாலே சண்டை என்று தோன்றினால் 'கலந்துரையாடினர்' போதும்.

மொழிபெயர்ப்பவர்கள் செய்யும் இன்னொரு கேடும் உண்டு. கூட்டறிக்கைகளில் 'ஃப்ராங்க்' என்று வந்தால், ராஜதந்திர வழக்கில் இருவரும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதை 'மனம் திறந்து பேசினர்' என்று எழுதுகிறார்கள். தமிழில் அது நெருக்கம், நட்பு. பொருள் நேர்த் தலைகீழாகிவிடுகிறது. 'ஒளிவுமறைவின்றி மாறுபட்ட கருத்துகளைச் சொன்னார்கள்' என்று எழுத ஒரு சொல் கூடும், அவ்வளவுதான். தலைப்பில் இடமில்லை என்றால் 'கருத்து வேறுபாடு' என்று போடுங்கள், அது இரண்டே சொல்.