லிக்விஃபை: உதட்டை இளக்கும் வேலை

காரைக்குடிப் பக்கம் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்களில் “அந்த உதட்டுக்கு லேசா லிக்விஃபை போடு” என்பது அன்றாடப் பேச்சு. படத்தின் ஒரு பகுதியைத் தள்ளி வடிவம் மாற்றும் ஃபோட்டோஷாப் வசதி அது. ‘நீர்மமாக இருத்தல்’ என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. லிக்விட் அதன் உறவு. கடைசியில் உள்ள ‘ஃபை’ என்பதற்கு ‘ஆக்கு’ என்று பொருள். ஆக, நேர்த்தமிழ் ‘நீர்மமாக்கல்’. வேதியியல் பாடத்துக்கு அது சரி. படத்தில் எதுவும் உருகி ஓடுவதில்லை. புள்ளிகள் இறுக்கம் விட்டு, தள்ளிய பக்கம் நகர்கின்றன. மெழுகை இளக்குகிறோமே, அந்த ‘இளக்கல்’தான் என் தேர்வு.

ஒரு மணப்பெண் படத்தை எடுத்துக்கொள்வோம். பல் தெரியும் சிரிப்பு, மெல்லிய மேலுதடு, அதன் வலப்பாதி இடப்பாதியைவிட இன்னும் ஒல்லி. சிரிக்கும்போது உதடு இழுபட்டு மெலிவதுதான் இயல்பு. வாய் மூடிய படத்தில் இருக்கும் தடிமனை இதிலும் கொண்டுவந்தால் கன்னம் சிரிக்கும், வாய் சிரிக்காது.

முதலில் படத்தை Smart Object ஆக்கிவிட்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். Filter மெனுவில் Liquify திறந்து, Freeze Mask கொண்டு பற்களையும் இரு வாய்க்கோடிகளையும் மூடிவிடுங்கள். சிரிப்பின் சாயல் கோடியில்தான் இருக்கிறது. அது நகர்ந்தால் ஆளே மாறிவிடும். அப்புறம் Forward Warp. பிரஷ் உதட்டின் தடிமனைவிடப் பெரியதாக இருக்கட்டும், அழுத்தம் 20க்குள் போதும். சின்ன பிரஷ் விளிம்பை அலை அலையாக்கிவிடும். வலப்பாதியின் மேல்விளிம்பை உள்ளிருந்து மேல்நோக்கிச் சிறு சிறு தள்ளலாகத் தள்ளுங்கள். இடப்பாதிக்குச் சமமாக்க வேண்டாம், வித்தியாசத்தில் பாதி குறைந்தால் நிறுத்திக்கொள்ளலாம். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டையும் சமமாக்கிய படத்தைப் பார்த்து, “இது நம்ம பிள்ளை வாயே இல்லையே” என்று ஆச்சி முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

முகத்தைத் தானே கண்டுகொள்ளும் Upper Lip, Smile போன்ற ஸ்லைடர்களும் அங்கேயே உண்டு. Upper Lip-ஐக் கொஞ்சம் நகர்த்தலாம், தவறில்லை. ஆனால் அது உதடு முழுவதையும் மாற்றும். ஒரு பாதி மட்டும் ஒல்லியாக இருந்தால் கையால் செய்வதே நல்லது. Smile ஸ்லைடர் பக்கம் நான் போவதே இல்லை. அது வாய்க்கோடியை உயர்த்தும். அதற்கேற்ற கண்சுருக்கத்தைத் தராது.

வேலை கைமீறியதைப் பற்களே காட்டிக்கொடுக்கும், ஈறோரம் வளைந்திருக்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் குறுகியிருந்தாலும் அதே கதைதான். Preview-ஐ அணைத்துப் போட்டுப் பாருங்கள். உதடு துள்ளுவது கண்ணில் பட்டால் Reconstruct கொண்டு கொஞ்சம் பின்வாங்குங்கள்.

லிப்ஸ்டிக் கலைந்ததால் மட்டும் கோணலாகத் தெரிகிற உதட்டுக்கு இளக்கலே வேண்டாம். விளிம்பில் நிறத்தைச் சரிசெய்தால் முடிந்தது.