நிலைமம்: பிரேக் போட்டதும் தாத்தாவைத் தள்ளியது யார்?

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ். பாபநாசம் தாண்டியும் கூட்டம் குறையவில்லை. தூக்குவாளியில் மோரோடு நின்றிருந்த பெரியவர் கம்பியைப் பிடிக்கவில்லை. வயலிலிருந்து ஒரு டிராக்டர் திடீரென்று ரோட்டில் ஏற, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். பெரியவர் முன்சீட்டில் போய் மோதினார், மோர் வாளியின் முன்பக்க விளிம்பில் ஏறி வழிந்தது. "யாருப்பா தள்ளினது?" என்று திரும்பிப் பார்த்தார். "நான் தள்ளலை தாத்தா" என்றான் பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன்.

அவன் சொன்னது உண்மை, யாருமே தள்ளவில்லை. பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெரியவருக்கும் மோருக்கும் அதே வேகம்தான். 2.5 வினாடியில் பஸ் நின்றால் வேகம் வினாடிக்கு 4 மீட்டர்/வினாடி வீதம் குறைகிறது. 60 கிலோ உள்ள அவரும் கூடவே நிற்க, அவரைப் பின்னோக்கி இழுக்க 240 நியூட்டன் விசை வேண்டும். தரையின் உராய்வு செருப்பைப் பிடித்து இழுத்தது, ஆனால் மேலுடம்பைப் பிடிக்க எதுவும் இல்லை, அது பழைய வேகத்திலேயே போகப் பார்த்தது. கம்பியைப் பிடித்திருந்தால் கை வழியாக அந்த விசை கிடைத்திருக்கும்.

பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிற இந்தக் குணம்தான் நிலைமம், ஆங்கிலத்தில் இனெர்ஷியா. லத்தீனில் அதற்குச் சோம்பல் என்று பொருள். இயற்பியலுக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர். தள்ளுகிற விசை நின்றால் பொருளும் அங்கேயே நின்றுவிடும் என்று அவர் நினைத்ததால் அவருக்குச் சோம்பல் பொருத்தமாக இருந்தது. 1687-இல் நியூட்டன் அதே சொல்லை வைத்துக்கொண்டு பொருளை விரித்தார்: நிற்பது நின்றுகொண்டே இருக்கும், ஓடுவது நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழில் சடத்துவம் என்றும் சொல்வதுண்டு, இலங்கைப் பாடநூல்களில் அதுதான் வழக்கம். சடம் என்றதும் அசையாமல் கிடக்கும் கல்தான் மனதில் வரும், கெப்ளரின் சோம்பல் மாதிரியே. முன்னால் பாய்ந்த தாத்தாவுக்கு அது ஒட்டவில்லை. நம் பாடநூலில் உள்ள நிலைமம் எனக்கு மேலாகத் தெரிகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: நிலை என்ற சொல் 'நில்' என்பதிலிருந்து வந்ததால், நிற்கும் பொருளுக்கு மட்டும்தான் நிலைமம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். "பயிர் என்ன நிலையில இருக்கு?" என்று கேட்கிறோமே, அந்த 'நிலை'தான் இங்கே. ஓய்வும் ஒரு நிலை, சீரான ஓட்டமும் ஒரு நிலை.

பரீட்சையில் "நிலைமம் அவரை முன்னால் தள்ளியது" என்று எழுதுகிறவர்கள் நிறைய. நிலைமம் விசை இல்லை, அது பொருளின் பண்பு, அதனால் எதையும் தள்ள முடியாது. "பாதம் பஸ்ஸோடு வேகம் குறைந்தது, மேலுடம்பு இயக்கத்தில் நிலைமத்தால் முன்போலவே நகர்ந்தது" என்று எழுதினால் சரி. மோருக்கும் இதே பதில்தான், பாதம் இருக்கிற இடத்தில் வாளி என்று மாற்றிக்கொள்ளலாம்.