"மாற்றித் தாருங்கள்" என்று எழுத வேண்டாம்

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற கணவர் இறந்து மூன்று மாதம். கொப்பித் தாளில் அவரே எழுதிய கடிதத்தை நீட்டினார். "எனது கணவரின் பென்சனை எனது பெயருக்கு மாற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." சட்டத்தரணியும் நொத்தாரிசுமாக இருக்கும் என்னிடம் இந்த வரியோடு வருகிறவர்கள் பலர்.

"மாற்றி" என்ற சொல்லில்தான் சிக்கல். கணவரின் பென்சன் அவர் இறந்த நாளோடு முடிந்துவிடுகிறது, மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. மனைவிக்குக் கிடைப்பது விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம். கணவர் வேலையில் இருந்த காலத்தில் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்பட்ட பங்களிப்பால் வரும் தனி உரிமை அது. அதற்கென்று தனி இலக்கமும் உண்டு. பழைய சம்பளச் சீட்டிலோ நியமனக் கோப்பிலோ அந்த இலக்கத்தைத் தேடி எடுத்தால் கந்தோரில் பாதி வேலை குறையும். இந்த அக்காவுக்கு அது ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடைத்தது.

அப்புறம் நான் கேட்டது, "அண்ணருடைய ஏடிஎம் அட்டை எங்கே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, மகன் இரண்டு மாதக் காசு எடுத்ததாகச் சொன்னார். அந்தியேட்டிச் செலவுக்காம். அக்காவுக்கு அது தவறென்றே தோன்றவில்லை, கணவருடைய காசுதானே என்கிறார். ஆனால் மரணத்தை அறிவிக்கும்வரை கந்தோருக்கு ஆள் போய்விட்டது தெரியாது, பென்சன் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். இறந்த நாளுக்குப் பிறகு விழுந்தது அரசாங்கத்தின் பணம், திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும், கேள்வியும் வேறு மாதிரி வரும். அதனால் கடிதத்திலேயே சொல்லிவிடச் சொன்னேன்.

மூன்றாவது சிக்கல் பெயர். எங்கள் ஆட்களுக்கு இது சாதாரணம். அக்காவின் விவாகப் பதிவுச் சான்றிதழில் "சிவகாமசுந்தரி", அடையாள அட்டையில் வெறும் "சிவகாமி" (உண்மைப் பெயரை மாற்றியிருக்கிறேன்). போதாததற்கு, கணவரின் தகப்பன் பெயரைச் சிங்களத்தில் எழுதிய யாரோ ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்துக்கொண்டோம். இதைக் கந்தோர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று நடை போக வேண்டிவரும்.

கடைசியில் கடிதம் இப்படி அமைந்தது. முகவரி, கணவர் பென்சன் பெற்று வந்த பிரதேச செயலகத்தின் செயலாளருக்கு. வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய. நேராக மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களத்துக்கு ஓட வேண்டியதில்லை, தொடங்கும் இடம் பிரதேச செயலகம்தான்.

"எனது கணவர் (முழுப் பெயர், ஓய்வூதிய இலக்கம், அடையாள அட்டை இலக்கம்) இன்ன திகதியில் காலமானார் என்பதை அறியத்தருகிறேன். அவருடைய ஓய்வூதியக் கொடுப்பனவை நிறுத்தி, சட்டப்படி அவரது மனைவியான எனக்குரிய விதவை ஓய்வூதியத்தைப் பெற்றுத்தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் இறந்த பின் கணக்கில் வந்த இரண்டு மாதக் கொடுப்பனவு எடுக்கப்பட்டுள்ளது. அத்தொகையைத் திருப்பிச் செலுத்தவோ எனக்கு வரவேண்டிய நிலுவையிலிருந்து கழிக்கவோ சம்மதிக்கிறேன்."

கீழே இணைப்புகள்: மரணச் சான்றிதழ், விவாகப் பதிவுச் சான்றிதழ், இருவரதும் அடையாள அட்டைப் பிரதிகள், சத்தியக் கடதாசி, அக்காவின் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருப்பது நல்லது. மகனோடு கூட்டாக வைத்திருந்த கணக்கைத்தான் கொடுக்கப் பார்த்தார், வேண்டாம் என்று புதிதாக ஒன்று திறக்க வைத்தேன். கணவர் கணக்கில் மிஞ்சிய சொந்தச் சேமிப்பு வேறு விஷயம். அதை வாரிசுகள் வங்கியோடு தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும், அது முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

"சிங்களத்தில எழுதினாத்தானே தம்பி வேலை நடக்கும்?" என்று கேட்டார். தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். நடைமுறையில் பதில் சிங்களத்தில் வருவதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. வந்தால் தமிழில் தரும்படி திரும்ப எழுதலாம். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கந்தோரின் திகதி முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபால், ரசீது பத்திரம்.

அக்கா புதிய கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார். "தாழ்மையுடன்" தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் தம்பி, எழுதிப் பழகிட்டன்" என்றார். விட்டுவிட்டேன்.