தளம் போட ஆறு லட்சம் வேண்டும்: மியூச்சுவல் ஃபண்டை ஒரே முறையில் எடுப்பதா, பிரித்து எடுப்பதா?

ஓசூர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் ஒருவர் காவேரிப்பட்டணத்தில் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மே மாதம் தளம் போட அவருக்கு ஆறு லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. பல ஆண்டுகளாக மாதந்தோறும் எஸ்ஐபி முறையில் ஒரு ஈக்விட்டி ஃபண்டில் சேர்த்த பணம் இருக்கிறது. அதை எந்தத் தேதியில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து, அவர் கட்ட வேண்டிய வரி பதினாறாயிரம் ரூபாய்க்கும் மேல் மாறுகிறது. இதற்கு வரி ஆலோசகரின் தந்திரம் எதுவும் தேவையில்லை. விதிகளை வரிசையாகத் தெரிந்துகொண்டாலே போதும்.

ஈக்விட்டி ஃபண்ட் என்று வரிச் சட்டம் ஏற்பது, பணத்தில் குறைந்தது 65 விழுக்காட்டை இந்திய நிறுவனப் பங்குகளில் வைத்திருக்கும் ஃபண்டைத்தான். அத்தகைய யூனிட்டை வாங்கி 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். அதற்குள் விற்றால் குறுகியகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் குறுகியகால ஆதாயத்துக்கு 20 விழுக்காடும், நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடும் வரி. நீண்டகால ஆதாயத்தில் ஒரு நிதியாண்டுக்கு முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி கிடையாது. இந்தச் சலுகையை ஓர் ஆண்டில் பயன்படுத்தாமல் விட்டால் அடுத்த ஆண்டுக்கு அது சேராது. மார்ச் 31 இரவோடு போய்விடும். திட்டமிடுதல் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடக்கிறது. கடன் பத்திரங்களில் பணம் போடும் கடன் ஃபண்டுகளின் கணக்கு வேறு: 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்ட் யூனிட்டை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், லாபம் சம்பளத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்தில் கணக்கிடப்படும்.

எஸ்ஐபியில் பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனிக் கொள்முதல். ஒவ்வொன்றுக்கும் 12 மாதக் கணக்கு தனியாக ஓடும். ஆகவே எஸ்ஐபி ஆறு வருடமாக ஓடுகிறது என்பதால் எல்லா யூனிட்டும் நீண்டகாலம் ஆகிவிடாது. கடைசி 12 தவணைகள் குறுகியகாலமாகவே நிற்கும். விற்கும்போது முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் போகும் என்று ஃபோலியோ கணக்கு எழுதப்படுவதால், ஒரு பகுதியை மட்டும் எடுப்பவருக்குப் பழைய யூனிட்டுகள்தான் விற்கப்படும். அவை 12 மாதம் கடந்தவை என்பது நன்மை. ஆனால் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவையும் அவையே என்பதால் லாபம் அவற்றில்தான் அதிகம் குவிந்திருக்கும். ஃபோலியோவை மொத்தமாகக் காலி செய்பவருக்கோ கடைசி 12 தவணைகளும் சேர்ந்து விற்கப்பட்டு, லாபம் இருந்தால் 20 விழுக்காடு வரியும், பல ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் பிடிக்கப்படும் 1 விழுக்காடு அளவிலான வெளியேற்றக் கட்டணமும் வந்து சேரும்.

இப்போது நம் ஊழியரின் கணக்குக்கு வருவோம். அவர் ஃபண்டில் ஒரு யூனிட்டின் இன்றைய விலை, அதாவது என்ஏவி, 100 ரூபாய். முதலில் வாங்கிய 4,000 யூனிட்டுகளின் சராசரி விலை 40 ரூபாய். அடுத்த 4,000 யூனிட்டுகளின் சராசரி விலை 60 ரூபாய். அதன் பிறகு வாங்கியவை இந்தத் தேவைக்குத் தொட வேண்டியதில்லை. ஆறு லட்சத்துக்கு 6,000 யூனிட் விற்க வேண்டும். முதல் 4,000 யூனிட்டில் யூனிட்டுக்கு 60 ரூபாய் வீதம் 2,40,000 ரூபாய் லாபம். அடுத்த 2,000 யூனிட்டில் 40 ரூபாய் வீதம் 80,000 ரூபாய். மொத்த லாபம் 3,20,000 ரூபாய். இதை மே மாதத்தில் ஒரே முறையில் எடுத்தால் 1,25,000 போக மீதி 1,95,000 ரூபாய்க்கு வரி 24,375. அதன்மேல் 4 விழுக்காடு செஸ் 975. ஆக 25,350 ரூபாய்.

அதையே பிரித்து எடுத்தால்? மார்ச் மாதக் கடைசி வாரத்தில் 2,083 யூனிட் விற்கிறார். கையில் வருவது 2,08,300 ரூபாய், அதில் லாபம் 1,24,980, ஆகவே அந்த நிதியாண்டில் வரி இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் மீதி 3,917 யூனிட்டை விற்கிறார். அதில் லாபம் 1,95,020. புதிய ஆண்டின் 1,25,000 போக 70,020 ரூபாய்க்கு மட்டுமே வரி. செஸ் சேர்த்து ஏறத்தாழ 9,103 ரூபாய். முதல் வழியைவிட 16,247 ரூபாய் மிச்சம். அதாவது கம்பிக்கோ சிமென்ட்டுக்கோ ஒரு தவணை.

மே வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே முடிப்பது நல்லது என்பது என் எண்ணம். இரண்டு மாதத்தில் கட்டாயம் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் விட்டுவைத்து, என்ஏவி பத்து விழுக்காடு இறங்கிப்போனால், மிச்சம் பிடித்த வரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நட்டமாகும். அதேபோல் மார்ச் 31 வரை இழுக்கவும் வேண்டாம். எந்த நாளின் என்ஏவி கிடைக்கிறதோ அந்த நாளே விற்ற நாள். வேலை நாளில் பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பம் சேர்ந்தால்தான் அன்றைய என்ஏவி கிடைக்கும். ஓடிபி வராமல் 3 மணி தாண்டினாலோ, அன்று விடுமுறையாக அமைந்தாலோ, விற்பனை அடுத்த நிதியாண்டுக்குப் போய், பிரித்த பயனே இல்லாமல் போகும்.

இவர் சம்பளம் ஆண்டுக்கு எட்டு லட்சம் என்றால், பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லையே, எனக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்பார். புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டு முதல் அந்தத் தள்ளுபடி சம்பளம் போன்ற வருமானத்துக்கானது. ஈக்விட்டி ஃபண்ட் ஆதாயத்தின் மீதான வரியை அது தள்ளுபடி செய்யாது. உள்நாட்டில் வசிப்பவரின் ஆதாயத்தில் ஃபண்ட் நிறுவனம் வரி பிடித்தம் செய்வதும் இல்லை. பணம் முழுதாக வங்கிக் கணக்கில் விழுவதால் வரி இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் விற்பனை விவரம் வருமான வரித் தளத்தில் உள்ள ஏஐஎஸ் அறிக்கையில் பதிவாகியிருக்கும். ஃபண்ட் நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் மூலதன ஆதாய அறிக்கையை இறக்கி, அதில் உள்ள தேதியையும் லாபத்தையும் ஏஐஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் படிவம் நிரப்ப வேண்டும். நம் கணக்கில் மார்ச் விற்பனை அடங்கும் ஆண்டுக்கு, அவருடைய மற்ற வருமானம் அனுமதித்தால், ஐடிஆர்-1 படிவமே போதும். அடுத்த ஆண்டு ஆதாயம் 1,25,000 ரூபாயைத் தாண்டுவதால் ஐடிஆர்-2 தேவைப்படும்.

வீட்டுக்காரம்மா பெயரிலும் ஒரு ஃபண்ட் இருந்து, அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், தேவையின் ஒரு பகுதியை அதிலிருந்து எடுப்பதே மேல். புதிய முறையின் அடிப்படை விலக்கான நான்கு லட்சத்தில் காலியாக இருக்கும் பகுதியை ஆதாயத்துக்கு ஈடாக்கிக்கொள்ளலாம். அதன் மேல் 1,25,000 சலுகையும் உண்டு. ஆக 5,25,000 ரூபாய் நீண்டகால ஆதாயம் வரை அவருக்கு வரி வராது. ஆனால் அந்த ஃபண்டில் போட்ட பணம் அவருடையதாக இருக்க வேண்டும்: தையல் தொழிலில் சேர்த்ததோ, பெற்றோர் கொடுத்ததோ ஆகலாம். கணவர் கொடுத்த பணத்தில் வாங்கிய யூனிட் என்றால், பெயர் யாருடையதாக இருந்தாலும் ஆதாயம் கணவர் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும்.